பழைய பாட்டு வரியை விசேஷத்துக்கு கேப்ஷன் ஆக்குவது எப்படி: இரவல் வாடை வராமல் எழுத ஒரு வழிகாட்டி

என் சித்தி பிரசவ வார்டில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து பணி நிறைவு பெற்றார். பேனருக்கு ஒரு வரி வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டதும் வந்து விழுந்த முதல் வரி ‘காலங்களில் அவள் வசந்தம்’. யாரும் குறை சொல்ல முடியாத வரி. ஆனால் பிறந்தநாள், வளைகாப்பு, மணிவிழா என்று அது ஏறாத பேனர் இல்லை. அதே வரியை அப்படியே போட்டால் சித்தியின் படத்தை எடுத்துவிட்டு வேறு யார் படத்தையும் ஒட்டிக்கொள்ளலாம். பாட்டையும் விடக்கூடாது, பேனர் சித்திக்கு மட்டுமே பொருந்தவும் வேண்டும் என்ற வேலை என் தலையில் விழுந்தது. அதை முடிப்பதற்குள் படாத பாடு பட்டேன். அடுத்து இந்த வேலை யாருக்கு வருகிறதோ, அவர்களுக்காக இது.

1. வரி எங்கே போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பேனர், ஆல்பம் அட்டை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூன்றுக்கும் ஒரே வரி ஒத்துவராது. பேனரைப் பத்தடி தூரத்திலிருந்து நடந்துகொண்டே படிப்பார்கள், ஆகவே ஒரு வரிக்கு மூன்று நாலு சொல், பாட்டுச் சாயலில் மொத்தம் இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். ஆல்பத்தை மடியில் வைத்துப் படிப்பார்கள், அங்கே நாலு வரி கூடத் தாங்கும். ஸ்டேட்டஸ் என்றால் படம்தான் முதலில் கண்ணில் படும், எழுத்து அதற்குத் துணை.

பெரும்பாலும் இந்த வேலை பேனரில்தான் சிக்கும் என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விசேஷத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ஒரு வாரம் விவரம் சேகரிக்க, மூன்று நாள் எழுத, மீதி நாள் டிசைனுக்கும் திருத்தத்துக்கும். அரசு ஊழியர்கள் மாதக் கடைசி நாளில்தான் பணி நிறைவு பெறுவார்கள். அதனால் அந்த வாரம் பேனர் கடைக்காரரிடம் உங்களைப் போலவே நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

2. பாட்டைக் கடைசி வரை கேளுங்கள்

வரியை எழுதி வைப்பதற்கு முன்னால் முழுப் பாட்டையும், முடிந்தால் படத்தில் அது வரும் இடத்தையும் பாருங்கள். பழைய பாட்டில் உள்ள ஆபத்தே, படிக்கிறவர் மனசு அடுத்த வரியைத் தானாகப் பாடிவிடும் என்பதுதான். கிரகப்பிரவேச அழைப்பிதழில் ‘வீடு வரை உறவு’ என்று போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவர்கள் வாய் அடுத்து வீதியையும் காட்டையும் தாண்டி ‘கடைசி வரை யாரோ’ என்று முடித்துவிடும். அது சுடுகாட்டுக்குப் போகிற பாட்டு.

‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ என்ற வரியைப் பணி நிறைவு விழாவுக்குச் சிலர் யோசிப்பார்கள். நல்ல மனசுக்காரர் என்று சொல்லத்தான் நினைக்கிறார்கள். 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தில் அது கர்ணன் உயிர் பிரியும் நேரத்தில் ஒலிக்கிற பாட்டு. வேலையை விட்டுப் போகிறவருக்கு அதைப் போடவே கூடாது.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ‘மலர்ந்தும் மலராத’ போடுவதில் தப்பில்லை, தாலாட்டுத்தானே. ஆனால் ‘பாசமலர்’ பார்த்தவர்களுக்குத் தெரியும், பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் தங்கள் பிள்ளையைத் தாலாட்டுகிற பாட்டு அது. உங்கள் வீட்டில் அத்தையும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் இருந்தால், அந்த வரியை ஜாடை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, வரியை இணையத்தில் இருந்து அப்படியே எடுக்காதீர்கள். காதால் கேட்டு எழுதியவர்கள் போட்டதுதான் பாதி. ‘என்னை விரும்பும் ஓருயிரே’ என்பதை ‘ஒருயிரே’ என்று எழுதியிருப்பார்கள். பாட்டை ஓட்டிக்கொண்டே சொல் சொல்லாகச் சரிபாருங்கள். தியேட்டர் வாசலில் விற்ற பழைய பாட்டுப் புத்தகம் வீட்டில் யாரிடமாவது கிடந்தால் இன்னும் நல்லது.

3. வரியின் சட்டகத்தைத் தனியே எடுங்கள்

முக்கியமான வேலை இதுதான். நமக்குப் பிடித்தது வரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் பிடித்திருப்பது அதன் சட்டகம்.

1961-இல் வந்த ‘பாவ மன்னிப்பு’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய அந்தப் பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள்:

காலங்களில் அவள் வசந்தம்
கலைகளிலே அவள் ஓவியம்
மாதங்களில் அவள் மார்கழி

ஒரு கூட்டத்தைச் சொல்லி, அதில் சிறந்த ஒன்றைப் பொறுக்கி, ‘அவள் அதுதான்’ என்கிறார். அவ்வளவுதான் சட்டகம். இது அவருக்கு முன்பே இருந்தது. கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகும்போது, மாதங்களில் நான் மார்கழி, பருவங்களில் நான் வசந்தம் என்கிறான். மார்கழியும் வசந்தமும் கூட அங்கே இருக்கின்றன. ஆனால் பாட்டைக் கேட்கும்போது யாருக்கும் இரவல் என்று தோன்றுவதில்லை. ‘நான்’ இருந்த இடத்தில் ‘அவள்’ வந்துவிட்டாள், மல்லிகையும் மாங்கனியும் தாலாட்டும் புதிதாகச் சேர்ந்துவிட்டன. கடவுள் தன்னைப் பற்றிச் சொன்னது, ஒருவன் தன் காதலியைப் பற்றிச் சொல்வதாக மாறிவிட்டது. நாம் செய்ய வேண்டியதும் அதேதான்: சட்டகத்தை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பொருள்களை மாற்றுவது.

எல்லா வரியிலும் ஓசைச் சட்டகம் கிடைக்காது. சிலவற்றில் கருத்து மட்டும்தான் சட்டகம். ‘பொன்னை விரும்பும் பூமியிலே என்னை விரும்பும் ஓருயிரே’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் ஒன்றைத் தேட, இந்த ஒருவர் மட்டும் வேறொன்றைத் தேடுகிறார். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இதை மெட்டோடு பொருத்த முயன்றால் தடுமாறும். கருத்தை மட்டும் எடுத்தால் ‘தெருவே கார் வாங்கிய பிறகும் டிவிஎஸ் 50-ஐ விற்காத அப்பா’ என்று வரும். அந்தப் பாட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வரிக்கு அந்த அழுத்தம் கிடைத்துவிடும்.

சட்டகமே அகப்படாத வரியும் உண்டு. ‘மயக்கமா கலக்கமா’ போல முழுக்கக் குரலிலும் மெட்டிலும் நிற்கிற வரியை எழுத்தில் மாற்ற முடியாது. அதை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள். விழா மண்டபத்தில் அதை ஒலிக்க விடலாம், அது வேறு.

4. அந்த ஆளுடைய பொருள்களைச் சேகரியுங்கள்

சட்டகம் கிடைத்ததும் உடனே எழுத உட்கார்ந்தால் கையில் வருவது ‘அன்பு, தியாகம், பொறுமை, சேவை’ என்ற நாலு சொல்தான். இந்தச் சொற்கள் வந்தால் வரி மறுபடியும் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ‘குணங்களில் அவள் பொறுமை’ என்று போடுவதற்கு மூல வரியையே போட்டுவிட்டுப் போகலாம்.

அதனால் வீட்டார் ஒருவர், கூட வேலை பார்த்தவர் ஒருவர் என்று இரண்டு பேரிடமாவது பேசுங்கள். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காதீர்கள், குணம்தான் பதிலாக வரும். பையில் எப்போதும் என்ன இருக்கும், எத்தனை மணிக்குக் கிளம்புவார், எந்த வண்டியில் வருவார், எந்த வேலையை மற்றவர் தட்டிக்கழிக்க அவர் எடுத்துக்கொள்வார் என்று கேளுங்கள்.

சித்தி விஷயத்தில் கிடைத்தவை இவை. மற்றவர்கள் மாற்றிக்கொள்ளத் துடிக்கிற நைட் டூட்டியை அவர் கேட்டு வாங்குவார், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. பையில் பிளாஸ்க்கும் டார்ச் லைட்டும் இருக்கும். ஆரம்ப காலத்தில் அவர் இருந்த ஊரில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் கிடையாது, டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்திருக்கிறார். விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்புவார். ராத்திரி, பிளாஸ்க், டார்ச் லைட், முதல் பஸ். தியாகம், சேவை என்று எழுத நினைத்ததெல்லாம் இந்த நாலு பொருளுக்குள்ளேயே இருந்தது.

5. முணுமுணுத்துப் பொருத்துங்கள்

இப்போது மூலப் பாட்டின் மெட்டில் உங்கள் சொற்களை முணுமுணுத்துப் பாருங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே சொல்லை மாற்ற வேண்டும்.

பள்ளியில் படித்த நேர், நிரை கொஞ்சம் நினைவிருந்தால் வேலை சுலபம். ஓவியம், மார்கழி, மல்லிகை, மாங்கனி என்று அந்தப் பாட்டில் வரி முடிக்கிற சொற்களில் பல ஒரே அளவு: நேர் நிரை, கூவிளம். சித்தியின் நைட் டூட்டியை ‘ஷிப்டுகளில் அவள் இரவு’ என்று முதலில் போட்டுப் பார்த்தால் கடைசியில் மெட்டு வெறுமனே நிற்கிறது, ‘இரவு’ அவ்வளவு சின்னச் சொல். ‘ராத்திரி’ என்று மாற்றினால் மார்கழி உட்கார்ந்த இடத்தில் அச்சாக உட்கார்கிறது. பேச்சுச் சொல்லாகவும் இருக்கிறது.

முன்பகுதியிலும் ஒரு நுட்பம் உண்டு. காலம், மாதம் போல நெடிலில் தொடங்குகிற சொல்லுக்குக் கவிஞர் ‘களில்’ என்று நிறுத்துகிறார். கலை, மலர், கனி போல இரண்டு குறிலாக ஓடுகிற குட்டைச் சொல்லுக்கு ‘களிலே’ என்று ஓர் ஏகாரம் சேர்த்து இடத்தை நிரப்புகிறார். உங்கள் சொல் குட்டையாக இருந்தால் நீங்களும் ஏகாரம் சேர்த்துப் பாருங்கள்.

டார்ச் லைட் எங்கே போகும்? பாட்டில் பின்னால் ‘பாடல்களில் அவள் தாலாட்டு’ என்று வருகிறது. ‘விளக்குகளில் அவள் டார்ச்லைட்டு’ என்று சொல்லிப் பாருங்கள், தாலாட்டு நின்ற இடத்தில் டார்ச்லைட்டு நிற்கிறது. பிளாஸ்க்கும் முதல் பஸ்ஸும் எங்கேயும் பொருந்தவில்லை, விட்டாயிற்று. பேனருக்கு இரண்டு வரி போதும், மீதி ஆல்பத்துக்கு ஆகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றிவிட்டு மீதியை மூலத்திலேயே விடுவது. ‘காலங்களில் அவள் வசந்தம், வார்டுகளில் அவள் சிஸ்டர்’ என்று எழுதினால் புடவைக் கடை விளம்பரம் மாதிரி இருக்கும். மூல வரியின் பெயர்ச்சொல் ஒன்று கூட மிஞ்சக்கூடாது என்பது என் விதி. வசந்தமும் இல்லை, மார்கழியும் இல்லை. ‘களில் அவள்’ என்ற எலும்பு மட்டும் இருந்தால் போதும், பாட்டுத் தெரிந்தவர் காது கண்டுபிடித்துக்கொள்ளும். தெரியாத இளவட்டத்துக்கும் வரி புரியும்.

மூல வரி அப்படியே வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் அதையும் நேர்மையாகச் செய்யலாம். மேற்கோள் குறி போட்டு, கீழே சின்ன எழுத்தில் கவிஞர் பெயரைப் போடுங்கள். மாற்றி எழுதிய வரிக்கு மட்டும் மேற்கோள் குறி போடாதீர்கள், அவர் எழுதாததை அவர் பெயரில் ஏற்றியதாக ஆகும்.

6. அவளா, அவரா?

பாட்டில் ‘அவள்’ என்று காதலன் பாடுகிறான். வீட்டில் சித்தியை ‘அவ’ என்று பாட்டி சொல்லலாம். சக ஊழியர்கள் வைக்கிற பேனரில் ‘அவள்’ என்று போட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முகம் மாறும். எங்கள் பேனர் வீட்டார் சார்பில்தான், ஆனாலும் மண்டபத்தில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்காரர்கள்.

நல்லவேளையாக இதில் மெட்டுக்குச் சேதம் இல்லை. அவள், அவர் இரண்டும் ஒரே நிரையசை, ஒன்றை எடுத்து மற்றதை வைத்தால் ஓசை அசையாது. ‘அம்மா’, ‘சித்தி’ என்று உறவுமுறையைப் போட ஆசை வரும். அவை இரண்டு அசை என்பதால் இழுத்துப் பாட வேண்டியிருக்கும். உறவுமுறை வேண்டுமானால் அடுத்த வரியில் போட்டுக்கொள்ளுங்கள். இதே காரணத்தால் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ‘நீ’, ‘அவன்’ என்று வருகிற பாட்டு வரிகளைத் தொடும்போது முதலில் அந்தச் சொல் மாறுமா என்று பாருங்கள். வினைமுற்றிலும் மரியாதை விகுதி ஏற வேண்டும் என்றால் வரி நீண்டு மெட்டு உடையும், பல பாட்டுகளை இதற்காகவே கைவிட வேண்டிவரும்.

7. கீழே ஒரு நிஜ வரி சேருங்கள்

பாட்டுச் சாயல் உள்ள வரி தனியாக நின்றால் என்ன விசேஷம் என்றே தெரியாது. அலங்காரமே இல்லாத ஒரு தகவல் வரி கீழே வேண்டும். எங்களுடையது கடைசியில் இப்படி நின்றது:

ஷிப்டுகளில் அவர் ராத்திரி
விளக்குகளில் அவர் டார்ச்லைட்டு
பிரசவ வார்டில் 34 ஆண்டுகள் — பணி நிறைவு

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மூன்று பேரிடம் காட்டுங்கள். பாட்டுத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர், விழா நாயகருக்கு நெருக்கமான ஒருவர். முதல் ஆள் மெட்டைப் பிடிக்கிறாரா, இரண்டாம் ஆளுக்குப் பொருள் புரிகிறதா, மூன்றாம் ஆள் ‘இது அவரேதான்’ என்கிறாரா என்று கவனியுங்கள். மூன்றாம் ஆள் ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் நாலாம் படிக்குத் திரும்புங்கள். ‘அந்த டார்ச் லைட்டா! பெரியாஸ்பத்திரியிலயும் அதத்தான் வெச்சிருந்தாங்க’ என்று கூடப் பேசத் தொடங்கினால் வரி சரி.

8. பேனர் கடையில் கவனிக்க வேண்டியவை

ஆறுக்கு நாலு அளவு என்றால் 24 சதுர அடி. எங்கள் ஊரில் ஃபிளெக்ஸுக்குச் சதுர அடி 15 ரூபாய் கேட்டார்கள், ஆக 360 ரூபாய். சட்டம் அடிக்கவும் டிசைனுக்கும் தனி. ஊருக்கு ஊர் இது மாறும். டிசைன் தொகையில் எத்தனை திருத்தம் அடங்கும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், வரி விஷயத்தில் கடைசி நேரம் யாராவது ஒருவர் திருத்தம் சொல்லாமல் இருக்க மாட்டார்.

வரியை வாட்ஸ்அப்பில் எழுத்தாக மட்டும் அனுப்பாதீர்கள். பல கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. யூனிகோடில் நீங்கள் அனுப்பியதை அவர்கள் மாற்றும்போதோ மறுபடி தட்டும்போதோ எழுத்து விழும், ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும், ‘ஷி’ போன்ற கிரந்த எழுத்து காணாமல் போகும். எழுத்தோடு கூடவே அதன் படத்தையும் அனுப்புங்கள். திரும்பி வருகிற மாதிரியைப் போனில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாக, பின்னாலிருந்து முன்னால் படியுங்கள். முன்னாலிருந்து படித்தால் பாட்டு வந்து பிழையை மறைத்துவிடும்.

வரிகளை எங்கே உடைப்பது என்பதையும் நீங்களே சொல்லுங்கள். டிசைனர் இடம் பார்த்து உடைப்பார், ‘ஷிப்டுகளில் அவர்’ ஒரு வரியிலும் ‘ராத்திரி’ அடுத்த வரியிலும் போய்விட்டால் மெட்டு போயிற்று.

பேனர் மண்டபத்துக்குள்ளேயே இருக்கட்டும். சாலையோரம் வைக்க உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும், அதற்கு விண்ணப்பம், கட்டணம், நாள் எல்லாம் தனி.

9. உரிமைச் சிக்கல் எப்போது வரும்

இந்தியச் சட்டப்படி பாட்டு வரிக்கு, எழுதியவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆக அவருடைய வரிகள் 2041 முடிய உரிமைக்கு உட்பட்டவை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-லேயே மறைந்துவிட்டதால் அவர் வரிகளுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. வீட்டு விசேஷ பேனரில் ஒரு வரி போட்டதற்கு யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் அதே வரியை அச்சடித்து மக், டி-ஷர்ட் என்று விற்கப் போனால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து அனுமதி வாங்க வேண்டும். அது கவிஞர் குடும்பத்திடமும் இருக்கலாம், தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ இருக்கலாம்.

படத்தோடு மூலப் பாட்டின் ஒலியைச் சேர்த்து ரீல் போடுவதாக இருந்தால், செயலியிலேயே இருக்கும் பாடல் பட்டியலிலிருந்து எடுத்துச் சேருங்கள். வெளியிலிருந்து ஏற்றினால் ஒலி அடைபடக்கூடும், விழா முடிந்து உறவினர்கள் பார்க்கும்போது சத்தமில்லாத வீடியோதான் ஓடும். ஒலி சேர்க்கிறீர்கள் என்றால் எழுத்தில் மூல வரியைத் திரும்பப் போட வேண்டாம், மாற்றி எழுதிய வரியை மட்டும் போடுங்கள். காதில் மார்கழியும் கண்ணில் ராத்திரியும் ஒரே நேரத்தில் வரும்படி, அந்த வரி ஒலிக்கும் நொடியில் உங்கள் வரி திரையில் தோன்றுமாறு வைத்துவிடுங்கள்.